கடைக் கணக்கிலிருந்து எனக்கு மாதம் 10,000 ரூபாய்

ஒரு சுங்குடிச் சேலையை 1,200 ரூபாய்க்கு, கூரியர் செலவு நம்முடையது என்று சொல்லி விற்கிறோம். வாடிக்கையாளர் இணையக் கடையில் பணம் கட்டிவிட்டார். இரண்டு வேலை நாள் கழித்து வங்கிக் கணக்கில் 1,171 ரூபாய் 68 காசு வந்து விழுகிறது. பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் 2 சதவீதக் கட்டணம் 24 ரூபாயையும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4 ரூபாய் 32 காசையும் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறது.

இந்த 1,171 ரூபாயில் நம்முடையது எவ்வளவு? மதுரையிலிருந்து சேலை விற்கும் எனக்கு, கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் பிரிக்கும் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. கரண்ட் அக்கவுண்ட் திறப்பது அதற்கு அப்புறம் வரும் வேலை.

சேலையை மொத்தக் கடையில் 700 ரூபாய்க்கு வாங்கினேன். அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 735. கூரியருக்கு 80, வரியோடு 94 ரூபாய் 40 காசு. உறை, அட்டை, நன்றிச் சீட்டு எல்லாம் சேர்ந்து 20. இதெல்லாம் போனால் 322 ரூபாய் மிஞ்சும். அடுத்து அரசுக்குச் சேர வேண்டியது. 1,200 ரூபாய் விலைக்குள்ளேயே 57 ரூபாய் 14 காசு ஜிஎஸ்டி இருக்கிறது. சேலை வாங்கும்போதும், கேட்வேக்கும் கூரியருக்கும் கொடுக்கும்போதும் நான் ஏற்கெனவே கட்டிய வரி 53 ரூபாய் 72 காசைக் கழித்துக்கொண்டு, பாக்கி 3 ரூபாய் 42 காசைக் கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது 318 ரூபாய் 86 காசு.

கணக்கில் வந்தது 1,171, என்னுடையது 319. மீதி 852 ரூபாய் சேலைக் கடைக்கும் கூரியர்காரருக்கும் உறை, அட்டைக்கும் அரசுக்கும் போக வேண்டிய பணம். நடுவில் சில நாள் என் கணக்கில் தங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே சேமிப்புக் கணக்கில் ஓடினால், அந்த 852 ரூபாய்தான் பால் பாக்கிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிறது. போவது கண்ணுக்கும் தெரியாது. விற்பனை ஏறிக்கொண்டே இருக்கும் வரை அடுத்த வாரத்துப் பணம் இந்த வாரத்து ஓட்டையை அடைத்துவிடும். விற்பனை குறையும் மாதத்தில்தான் விஷயம் வெளியே வரும். சாயப்பட்டறை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய பணம் இருக்காது, ஆனால் எங்கே போனது என்று ஸ்டேட்மென்டைப் பார்த்தாலும் பிடிபடாது. ஆர்டர்கள் வரும்போதே கொள்முதலுக்குக் கடன் கேட்கும் நிலை வருகிறதென்றால், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதே சேலையை ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறிய பட்டறையிலிருந்து 700 ரூபாய்க்கு நேராக வாங்கினால், கழித்துக்கொள்ள அந்த 35 ரூபாய் வரி கிடைக்காது. அப்போது நான் அரசுக்குக் கட்ட வேண்டியது 38 ரூபாய் சொச்சம். என் லாபம் அதே 319தான், ஒரு காசு மாறாது. ஆனால் என் கணக்கில் தங்கும் அரசுப் பணம் சேலைக்கு 3 ரூபாயிலிருந்து 38 ரூபாயாக ஏறிவிடுகிறது. நூறு சேலைக்கு 3,800 ரூபாய். பட்டறையில் நேரடியாக வாங்குகிறவர்கள் வரிக்கென்று எடுத்து வைப்பதை இந்தக் கணக்கின்படிதான் வைக்க வேண்டும். நான் வாரக் கடைசியில் அப்படி வாங்கி விற்ற சேலைகளை எண்ணி, ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் தனியாக ஒதுக்கிவிடுகிறேன்.

சரி, கணக்குத் திறப்பதற்கு வருகிறேன்.

என்னுடையது தனிநபர் நிறுவனம். கூட்டாளி இல்லை, கம்பெனியாகப் பதிவு செய்யவில்லை. வீட்டிலிருந்து இணையக் கடை நடத்தும் பலருக்கும் இதே நிலைதான். இதில் கடைக்கென்று தனி பான் எண் கிடையாது, என் பான்தான் கடையின் பான். சட்டத்தின் கண்ணில் கடையும் நானும் ஒன்று. கடைக்கு வரும் கடன் என் சொந்தச் சொத்து வரை வரும். கரண்ட் அக்கவுண்ட் திறந்தால் அது மாறிவிடாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். அக்கவுண்ட் பிரிப்பது கணக்குத் தெளிவாக இருக்கத்தான். கடனிலிருந்து சொந்தச் சொத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் கம்பெனியோ, பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனமான எல்எல்பியோ தொடங்க வேண்டும், அதற்கான செலவும் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தாக்கல்களும் வேறு.

கடைப் பெயரில் கரண்ட் அக்கவுண்ட் திறக்க, அந்தப் பெயரில் வியாபாரம் நடக்கிறது என்று காட்டும் இரண்டு ஆவணங்களை வங்கி கேட்கும். ரிசர்வ் வங்கியின் விதியே அப்படி. சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி சான்றிதழ், கடைகள் சட்டத்தின் கீழ் வாங்கிய உரிமம், வியாபார வருமானத்தைக் காட்டித் தாக்கல் செய்த வருமான வரி ரிட்டர்ன், கடைப் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு கொடுக்க முடியாதவர்களிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு, இடத்தை நேரில் பார்த்துத் திறந்து கொடுக்கவும் வங்கிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது மேலாளரின் விருப்பம், நாம் உரிமையாகக் கேட்க முடியாது.

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு எளிதாகக் கிடைப்பது உத்யம். ஆதாரும் பானும் இருந்தால் udyamregistration.gov.in தளத்தில் நாமே பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் கிடையாது. தேடும்போது இதே மாதிரி தோற்றத்தில் கட்டணம் கேட்கும் தனியார் தளங்களும் மேலே வந்து நிற்கும். முகவரி gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு ஆதார் எண்ணைப் போடுங்கள். இரண்டாவது ஆவணமாக நான் கொடுத்தது ஜிஎஸ்டி சான்றிதழ். வெளிமாநிலத்துக்குச் சேலை அனுப்புவதால் அது எப்படியும் தேவைப்பட்டது.

இரண்டு ஆவணங்களிலும் கடைப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். என் தோழி ஒருவருக்கு உத்யமில் 'டெக்ஸ்டைல்ஸ்' என்றும் ஜிஎஸ்டியில் 'டெக்ஸ்' என்றும் இருந்தது. அந்தச் சில எழுத்துகளுக்காக விண்ணப்பம் திரும்பி வந்தது. ஒரு பக்கம் கதவு எண், இன்னொரு பக்கம் பழைய கதவு எண் என்றிருந்தாலும் இதே கதைதான். திருத்தம் இணையத்திலேயே செய்யலாம், ஆனால் வங்கிக்குப் போவதற்கு முன்னால் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம். வாடகை வீடாக இருந்தால் வாடகை ஒப்பந்தமும், மின்கட்டண ரசீதும், வீட்டுக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதமும் எடுத்துப் போங்கள்.

அப்புறம் வங்கியிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சேலை அடுக்கியிருந்த பீரோவையும், கட்டி வைத்திருந்த பார்சல்களையும், வாசல் பலகையையும் படம் எடுத்துக்கொண்டு போனார். பலகை இல்லையென்றால் அங்கேயே நிற்கும். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் வாசலில் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் தெரியும்படி பலகை வைக்க வேண்டும் என்பது விதி, அதனால் இது எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஒரு சிறிய பலகையும், 'உரிமையாளர்' என்று போட்ட ஒரு ரப்பர் ஸ்டாம்பும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் அக்கவுண்டுக்கு வட்டி கிடையாது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அபராதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். அந்த இருப்பை மாதச் சராசரியாகப் பார்க்கிறார்களா, காலாண்டுச் சராசரியாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிச் சரக்கு வாங்கும்போது கணக்கு ஏறக்குறைய காலியாகிவிடும் நம்மைப் போன்றவர்களுக்கு, காலாண்டுச் சராசரிதான் நல்லது. ஒரு மாதம் குறைந்தாலும் அடுத்த மாதம் ஈடுகட்டிவிடலாம்.

எந்த வங்கியில் திறப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. வீட்டுச் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கியில் கடைக் கணக்கைத் திறக்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 எண்ணில் புகார் கொடுத்தால், அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அங்கெல்லாம் வங்கிகள் பிடித்து நிறுத்துகின்றன. மோசடிக்காரன் அந்தப் பணத்தில் ஒரு சேலை வாங்கியிருந்தால், விற்றவரின் கணக்கும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடுகிறது. எங்கள் விற்பனையாளர் குழுவில் ஒருவருக்கு இது நடந்தது. வந்தது ஒரே ஒரு சேலையின் விலை. ஆனால் நின்றது முழுக் கணக்கு. அது வீட்டுக் கடன் தவணையும் மளிகையும் ஓடிக்கொண்டிருந்த சேமிப்புக் கணக்கு. பில், கூரியர் ரசீது, வாடிக்கையாளரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் கொடுத்து விடுவிக்கும் வரை, அந்த மாதத் தவணையைக் கணவர் வேறு இடத்தில் புரட்டிக் கட்ட வேண்டியதாயிற்று. யாரிடமிருந்து வருகிறது என்று தெரியாத பணத்தை நாள்தோறும் வாங்குவதுதான் நம் தொழில். அந்தப் பணம் வந்து சேரும் கணக்கு வீட்டு அடுப்போடு இணைந்திருக்கக் கூடாது. ஒரே வங்கியில் ஒரே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் இரண்டு கணக்கும் இருந்தால், சில நேரம் இரண்டும் சேர்ந்தே நின்றுவிடும். வேறு வங்கி என்றால் அந்த ஆபத்து குறைகிறது.

சேமிப்புக் கணக்கை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வங்கிகளும் நிபந்தனை போட்டிருக்கின்றன. சின்ன வரவுகள் நிறைய வந்து விழுவதைப் பார்த்து அவர்களே விளக்கம் கேட்பதும் உண்டு.

கணக்குத் திறந்தாயிற்று. ஆனால் பணம் இன்னும் பழைய கணக்குக்குத்தான் வரும். ஒவ்வொரு வாய்க்காலையும் நாம்தான் திருப்பிவிட வேண்டும். கேட்வேயில் வங்கிக் கணக்கை மாற்ற, ரத்து செய்த காசோலை கேட்பார்கள். கணக்கின் பெயரும் அவர்களிடம் பதிந்த கடைப் பெயரும் பொருந்த வேண்டும். சரிபார்த்து முடியும் வரை நமக்கு வர வேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பதும் உண்டு, அதனால் பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் இதைத் தொடவே கூடாது. ஜிஎஸ்டி தளத்திலும் புதிய கணக்கு எண்ணைச் சேர்க்க வேண்டும். புதிதாகப் பதிவு பெற்றவர்களுக்கு இதற்கு 30 நாள் கெடு, அதற்குள் விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1ஐ முதல் தடவை தாக்கல் செய்வதென்றால் அதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும். டெலிவரியின்போது காசு வாங்கும் கூரியர் நிறுவனத்திலும் மாற்ற வேண்டும். அப்புறம் செலவுப் பக்கம். கூரியர் ரீசார்ஜ், விளம்பரம், இணையதளச் சந்தா எல்லாவற்றிலும் பழைய கார்டை எடுத்துவிட்டு, கடைக் கணக்கின் கார்டைப் போட வேண்டும்.

அதிக நாள் இழுத்தது யூபிஐதான். பழைய வாடிக்கையாளர்கள் என் கைபேசி எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள், அதற்கே அனுப்பிவிடுவார்கள். "அக்கா, எப்பவும் போடுற நம்பருக்குத்தான் போட்டேன்" என்பார்கள். அவர்களிடம் சண்டை போட முடியாது. சொந்தக் கணக்குக்கு வந்த கடைப் பணத்தை, திங்கட்கிழமைதோறும் அதே தொகையாக, ஆர்டர் எண்ணைக் குறிப்பில் போட்டுக் கடைக் கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். மூன்று ஆர்டர் வந்திருந்தால் மூன்று தனித்தனி மாற்றம். 3,600 என்று மொத்தமாக மாற்றினால், மார்ச் மாதத்தில் அது எந்த ஆர்டர் என்று யாருக்கும் தெரியாது.

எழுதுவது பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கணக்கில் வந்த தொகையை விற்பனை என்று எழுதாதீர்கள். வந்தது 1,171 என்றாலும் விற்பனை 1,200தான். 28 ரூபாய் 32 காசு கேட்வே செலவும் அதன் வரியும். ஜிஎஸ்டி கட்டுவதும் 1,200 ரூபாய் விலையை வைத்துத்தான். பெரிய விற்பனைத் தளங்களில் விற்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாக இருக்கும். கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வந்ததற்கான பிடித்தம் எல்லாம் போய்த்தான் பணம் வரும். அதோடு ஜிஎஸ்டிக்காக 0.5 சதவீதமும் வருமான வரிக்காக 0.1 சதவீதமும் பிடிப்பார்கள். இந்தக் கடைசி இரண்டும் செலவு இல்லை, நம் பெயரில் அரசிடம் கட்டப்பட்ட பணம். ரிட்டர்னில் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். வந்த தொகையை மட்டும் எழுதுகிறவர்கள் அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது நமக்கு நாமே கொடுத்துக்கொள்வது. எங்கள் ஆடிட்டர் முதலில் சொன்னது இது. "நீங்க எடுத்துக்கறது சம்பளம் இல்லைம்மா, எடுப்பு. அதைச் செலவுல காட்ட முடியாது." தனிநபர் நிறுவனத்தில் முதலாளி தனக்கே சம்பளம் கொடுத்து லாபத்தைக் குறைக்க முடியாது. வருமான வரி லாபத்தின் மேல்தான். லாபம் 2 லட்சம் என்றால், அதில் 1 லட்சத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கடையிலேயே விட்டாலும் கணக்கில் வருவது 2 லட்சம். அதே போல, கடைக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு மாற்றும் பணம் புது வருமானம் ஆகிவிடாது, ஏற்கெனவே என்னுடைய பணம் இடம் மாறுகிறது. இது புரிந்ததும், வரிக்குப் பயந்து எடுக்காமல் இருப்பதும், சம்பளம் என்று ரசீது எழுதுவதும் தேவையில்லாமல் போய்விட்டது. கம்பெனியாக இருந்தால் இதெல்லாம் வேறு. அங்கே பணம் கம்பெனியுடையது. இயக்குநர் சம்பளமாகவோ லாபப் பங்காகவோதான் எடுக்க முடியும், நினைத்தபோது மாற்றிக்கொள்ள முடியாது.

எவ்வளவு எடுப்பது? என் கணக்கை அப்படியே காட்டுகிறேன்.

செப்டம்பரில் 100 சேலை விற்றேன் என்று வையுங்கள். சேலைக்கு 318 ரூபாய் 86 காசு வீதம் 31,886 ரூபாய். இணையதளச் சந்தா, விளம்பரம், போன், பார்சல் கட்ட வரும் பெண்ணுக்குக் கொடுப்பது எல்லாம் சேர்ந்து 12,000. திரும்பி வந்த சேலைகளால் போனது 1,900. லாபம் சுமார் 18,000. அப்படியானால் 18,000 எடுக்கலாமா?

கூடாது. அதே செப்டம்பரில் தீபாவளிக்காக 180 சேலை வாங்கினேன். 735 வீதம் 1,32,300 ரூபாய். கூரியர், உறை, மற்றச் செலவுகள் சேர்த்துக் கணக்கிலிருந்து வெளியே போனது 1,57,640. உள்ளே வந்தது 1,17,168. லாபம் 18,000 வந்த அதே மாதத்தில் வங்கி இருப்பு 40,000க்கு மேல் குறைந்திருக்கிறது. லாபம் பொய்யில்லை, அது பீரோவில் சேலையாக அடுக்கியிருக்கிறது. நவம்பரில் இதற்கு நேர்மாறாக நடக்கும். லாபம் குறைவாக இருக்கும், ஆனால் தீபாவளிக்கு விற்ற பணம் வந்து சேர்ந்து கணக்கு நிறைந்திருக்கும். இருப்பைப் பார்த்து எடுப்பவர்கள் செப்டம்பரில் ஒன்றும் எடுக்காமல் வருந்தி, நவம்பரில் தாராளமாக எடுத்து, தைப்பொங்கல் சரக்குக்குப் பணமில்லாமல் நிற்பார்கள்.

அதனால் இருப்பையும் பார்க்காமல், ஒரு மாத லாபத்தையும் பார்க்காமல், ஆறு மாத லாபத்தை வரிசையாக எழுதினேன். ஜூலை 9,000. ஆகஸ்டு 13,500. செப்டம்பர் 18,000. அக்டோபர் 41,000. நவம்பர் 11,000. டிசம்பர் 12,500. மொத்தம் 1,05,000. சராசரி 17,500. ஆனால் ஆறில் நான்கு மாதம் அந்தச் சராசரியைத் தொடவே இல்லை, அக்டோபர்தான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. எனவே குறைந்த மூன்று மாதங்களை மட்டும் எடுத்தேன். 9,000, 11,000, 12,500. அவற்றின் சராசரி 10,800 சொச்சம். இதற்குக் கொஞ்சம் கீழே, 10,000 என்று வைத்தேன்.

மாதம் 5ஆம் தேதி கடைக் கணக்கிலிருந்து சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் தானாகவே போகும்படி வங்கியில் சொல்லிவைத்திருக்கிறேன். ஏன் 5ஆம் தேதி என்றால், முதல் வாரத்துக்குள் போன மாதப் பணமெல்லாம் பெரும்பாலும் வந்துவிடும், வீட்டிலும் பள்ளிக் கட்டணத்துக்கும் மளிகைக்கும் அப்போதுதான் தேவை. ஆறு மாதத்தில் எடுப்பு 60,000. கடையில் நிற்பது 45,000. இந்த 45,000 இருந்ததால்தான் அடுத்த கொள்முதலைக் கடனில்லாமல் செய்ய முடிந்தது. கைக்காசு கொடுத்து வாங்குவதால் மொத்தக் கடையில் சேலைக்கு 15 ரூபாய் குறைக்கவும் சம்மதித்தார்கள்.

5ஆம் தேதிக்கு நடுவில் வீட்டுக்கு அவசரம் வந்தால்? எடுக்கலாம், அது நம் பணம்தான். ஆனால் அதுவும் வங்கி மாற்றமாகத்தான் போக வேண்டும், குறிப்பில் 'எடுப்பு' என்று போட்டு. கடைக் கார்டை மளிகைக் கடையில் தேய்ப்பதை மட்டும் செய்யவே கூடாது. தொகை சின்னதுதான். ஆனால் அப்படிப்பட்ட முப்பது வரிகளை ஆண்டு முடிவில் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பிரிப்பதற்கு ஆடிட்டருக்கும் எனக்கும் ஒரு முழு நாள் போகும்.

எதிர்த் திசையிலும் பணம் போவதுண்டு. கூரியர் ரீசார்ஜ் தீர்ந்துபோய், என் கணவர் தன் கார்டில் 2,000 ரூபாய் போட்டார் என்றால், அதைக் கடை அவருக்குத் தர வேண்டிய பணமாக எழுதி, அதே வாரத்தில் 2,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நானே போட்டால் அது கடைக்கு நான் போட்ட முதலீடு. அவசரத்தில் வீட்டிலிருந்து போட்டதை மறந்துவிட்டால், கடை உண்மையில் இருப்பதைவிட நன்றாக ஓடுவதாகத் தோன்றும்.

சேலைக் கடைக்காரர்கள் மறக்கிற எடுப்பு ஒன்று உண்டு, பீரோவிலிருந்து எடுக்கும் சேலை. நாத்தனார் வளைகாப்புக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுப்போம். கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கே 735 ரூபாய் எடுப்பு என்று எழுதிவிட வேண்டும். 700 இல்லை, 735. பரிசாகக் கொடுத்த சரக்குக்கு ஏற்கெனவே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அந்த 35 ரூபாயும் நம் தலையில்தான். எழுதாவிட்டால் மார்ச் 31 அன்று சரக்கை எண்ணும்போது சேலை குறையும், திருட்டா, தொலைந்ததா, எண்ணியதில் தவறா என்று தேட வேண்டிவரும்.

அந்த மார்ச் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் 10,000 என்பதை மாற்றலாமா என்று பார்க்கிறேன். பீரோவில் உள்ள சரக்கை வாங்கிய விலைக்கு மதிப்பிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் விற்காத சேலைகளைப் பாதி விலைக்கு எழுதி, கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் ஜிஎஸ்டியையும் கழிப்பேன். அடுத்த இரண்டு மாதக் கொள்முதலுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு அதற்கு மேல் கணக்கில் மிஞ்சினால், அதில் பாதியை ஒரே தடவையாக வீட்டுக்கு எடுத்துக்கொள்வேன். மாத எடுப்பை ஏற்றுவது, குறைந்த மூன்று மாதச் சராசரி ஏறியிருந்தால் மட்டும். அக்டோபர் எவ்வளவு பெரிதாக வந்தாலும் அதை வைத்து ஏற்றுவதில்லை.